தப்பான தேதி போன மறுநாள் காலை

திருப்பூரில் வெளிநாட்டு பையரின் துணி ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பையருக்குத் தப்பான தேதி போய்விட்டது என்று தெரிந்தால், அடுத்த மெயிலில் நாலு விஷயத்தோடு ஐந்தாவதாகப் புதுத் தேதியையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். கேட்டால் "அதான் சொல்லிட்டோமே" என்பார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பையர் முதல் மெயிலைப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பித்திருப்பார். ஐந்தாவது வரி அவர் கண்ணில் படவே படாது.

சமீபத்தில் எங்கள் டீமில் ஒரு பெண் இதைச் சரியாகக் கையாண்டாள். ஜெர்மனி பையர், 18,000 டி-ஷர்ட், எஃப்.ஓ.பி. ஆர்டர், அதாவது கப்பலில் ஏற்றும் வரைதான் எங்கள் பொறுப்பு. முந்தின நாள் சாயங்காலம் ஃபேக்டரியை விட்டுச் சரக்கு கிளம்பும் தேதி ஆகஸ்ட் 14 என்று மெயில் போயிருந்தது. மறுநாள் காலை, எந்த வேலை எந்தத் தேதியில் முடியும் என்று போட்டுவைக்கும் டி அண்ட் ஏ ஷீட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அது பிரிண்ட் சேர்ப்பதற்கு முந்தைய ஷீட்டில் இருந்த தேதி. புது ஷீட்டில் ஆகஸ்ட் 24.

நேரம் ஒன்பதரை. கோடைக் காலத்தில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அங்கே அப்போது காலை ஆறு. அவர்கள் ஒன்பதுக்கு ஆபீஸ் வந்தால் நமக்குப் பன்னிரண்டரை. மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. எஃப்.ஓ.பி.யில் கப்பலில் இடம் போடுவது பையர் சொல்லும் ஃபார்வர்டர், அதாவது சரக்கு அனுப்பும் ஏஜென்ட்தான். தப்பான தேதி அவரிடம் போய்விட்டால், அப்புறம் திருத்த வேண்டிய ஆட்கள் இரண்டு மடங்கு ஆகிவிடுவார்கள்.

உடனே மெயில் அடிக்காமல் முதலில் போனை எடுத்தாளே, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். டையிங்கில் கேட்டாள், பிரிண்டிங் யூனிட்டில் கேட்டாள், 24 உண்மையிலேயே முடியுமா என்று. திருத்தத்துக்கே இன்னொரு திருத்தம் போனால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எந்தத் தேதியையும் பையர் நம்ப மாட்டார். ஒருவேளை பிரிண்டிங்காரர் பதில் சொல்லாமல் இழுத்திருந்தால்? அப்போதும் சும்மா இருக்கக் கூடாது. "நேற்று சொன்ன 14-ஐ வைத்து புக்கிங் போட வேண்டாம், சரியான தேதி உங்கள் நேரம் மதியம் இரண்டுக்குள் வரும்" என்று ரெண்டு வரி அனுப்பலாம்.

பக்கத்து டேபிளில் இருந்த பையன், பழைய மெயிலை ரீகால் பண்ணிடுங்க அக்கா என்றான். அவுட்லுக் ரீகால் ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான் வேலை செய்யும். வெளி ஆளுக்குப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

அதே மெயிலுக்கு, அதில் இருந்த எல்லாருக்கும் போகிற மாதிரி பதில் போட்டாள். சப்ஜெக்ட்டின் முன்னால் மட்டும் 'திருத்தம்' என்று சேர்த்தாள். முதல் வரியிலேயே பழையதும் புதியதும்: நேற்று 14 ஆகஸ்ட் என்று சொன்னது தவறு, சரியான தேதி 24 ஆகஸ்ட். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போட்டிருந்தாள். காரணம் ஒரே வரி, பிரிண்ட் சேர்க்கும் முன் போட்ட ஷீட்டில் இருந்து எடுத்துவிட்டோம் என்று. விலை, எண்ணிக்கை, கலர் எதிலும் மாற்றமில்லை என்று அடுத்த வரி. இது அவசியம். ஒன்று தப்பு என்றால் மற்றதும் தப்பாக இருக்குமோ என்றுதான் பையருக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான விஷயம். பணத்துக்கு பையரின் பேங்க் உத்தரவாதம் தரும் எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி ஆகஸ்ட் 25. 24-ம் தேதி இங்கிருந்து கிளம்பும் சரக்கு தூத்துக்குடி போய், கஸ்டம்ஸ் முடிந்து, 25-க்குள் கப்பல் ஏறாது. சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பி.எல்.லில் தேதி தள்ளிப்போனால் பேங்க் அதைக் குறையாக எழுதும், பணம் நிற்கும். அதனால் எல்.சி. திருத்தம் வேண்டும், அதற்கான சார்ஜ் எங்களுடையது என்று அவளே எழுதிவிட்டாள். இதை மறைத்து வைத்து ஆகஸ்ட் நடுவில் கேட்டிருந்தால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். விமானத்தில் அனுப்பும் ஏர் ஃபிரைட் செலவு யார் தலையில் என்று ஆரம்பித்திருப்பார்கள். கூடவே ஒரு வழியும் சொன்னாள்: பிரிண்ட் இல்லாத 6,000 பீஸ் 14-ம் தேதியே தயார், வேண்டுமானால் அனுப்பலாம். எல்.சி.யில் பகுதி ஷிப்மென்ட்டுக்குத் தடை இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தாள்.

மன்னிப்பு ஒரே ஒரு தடவை. மூன்று தடவை கேட்கும் மெயிலில் தேதியைத் தேட வேண்டியிருக்கும்.

மதியம் பதில் வந்தது. புக்கிங் இன்னும் போடவில்லை, 6,000 பீஸை முதலில் அனுப்புங்கள், எல்.சி. திருத்தத்துக்குச் சொல்கிறோம் என்று. கோபமெல்லாம் இல்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. பழைய ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் 14 அப்படியே இருந்தது, அதைத் திருத்தி 'ரிவைஸ்டு 1' என்று பெயர் போட்டு அனுப்பினாள். ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பிலும் 14 ஓடிக்கொண்டிருந்தது, பேக்கிங் சூப்பர்வைசர் அதைப் பார்த்துத்தான் அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் போட இருந்தார்.