அரைச்சம்பளமாம், கையில கால்வாசிகூட மிஞ்சேல்லை

"நீங்கள் விரும்பித்தானே கேட்டு எடுத்தனீங்கள் மிஸ், பிறகேன் இப்ப குறைஞ்சு போச்செண்டு கதைக்கிறியள்?"

பிள்ளைப்பேற்று லீவில அரைச்சம்பளம் எடுத்து, அது குறைஞ்சு போச்செண்டு கேட்கப் போன, எங்கட ஒபிசில அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கிற ஒரு பிள்ளையைப் பாத்து, சம்பளப் பிரிவுத் தம்பி ஒருத்தர் கேட்ட கேள்வி இது. அவ பேசாமல் வந்திட்டா. எனக்குத்தான் இன்னும் ஆத்திரம் அடங்கேல்லை. அதுதான் இங்க கொட்டுறன்.

வெளியில இருக்கிற ஆக்கள் நினைக்கிறது, அரசாங்க உத்தியோகம் எண்டால் பிள்ளை பெத்திட்டு வருசக்கணக்கா வீட்டில இருந்து சம்பளம் எடுக்கலாமெண்டு. அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில இருக்கிறதைச் சொல்லுறன், கேளுங்கோ. முதல் 84 நாள் முழுச் சம்பளம். அடுத்த 84 நாள் அரைச்சம்பளம். அதுக்குப் பிறகும் வேணுமெண்டால் இன்னுமொரு 84 நாள் நோ பே. மூண்டும் 84 எண்டதால மூண்டும் ஒரே அளவெண்டு நினைச்சிடாதேங்கோ. முழுச் சம்பள 84 வேலை நாள் கணக்கு, சனி ஞாயிறு போயா எல்லாம் அதில சேராது. அதால அது நாலு மாசத்துக்குக் கிட்ட இழுபடும். அரைச்சம்பள 84 காலண்டர் நாள் கணக்கு. அதில சனியும் சேரும், ஞாயிறும் சேரும், தீபாவளியும் சேரும். சரியா பன்னிரண்டு கிழமையில முடிஞ்சிடும். ஒபிஸ் பூட்டிக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கும் எங்களுக்குப் பாதிச் சம்பளம் வெட்டு! இதை விளங்காமல், ரெண்டாவதும் வேலை நாள் கணக்குத்தானெண்டு நினைச்சுப் பிந்தி வந்து, இடையில போன நாளுகளை நோ பேயில போடவேண்டி வந்த ஆக்களையும் எனக்குத் தெரியும்.

இப்ப அந்தப் பிள்ளையின்ர கணக்குக்கு வாறன். லேசா விளங்க இலக்கங்களை உருட்டிப் போடுறன். சம்பளம் மாசம் 60,000 ரூபா. வீடு கட்ட எடுத்த பாங்குக் கடனுக்கு மாசம் 22,000 கழியும். மிச்சம் 38,000 கையில வரும், அதிலதான் சீவியம். அரைச்சம்பளம் எண்டால் 30,000. பாங்குக்காரன் பிள்ளை பிறந்திருக்கெண்டு தவணையைப் பாதியாக்குவானோ? அவனுக்கு 22,000 போகத்தான் வேணும். மிஞ்சுறது 8,000. 38,000 வந்த கைக்கு 8,000. பேப்பரில 'அரை' எண்டு எழுதியிருக்கு, கையில கால்வாசிகூட இல்லை.

அதுகும் ஒழுங்கா வந்திருந்தால்தானே. மே மாசம் நடுவில பிள்ளை பிறந்தது. முழுச் சம்பள லீவு முடிஞ்சு செப்டெம்பர் 15ஆம் திகதி அரைச்சம்பளம் தொடங்குது. லீவுக் கடிதம் ஒரு மேசையில, சம்பளம் போடுறது இன்னொரு மேசையில. ஒண்டில இருந்து மற்றதுக்குப் பேப்பர் போய்ச் சேர முதல் செப்டெம்பர் சம்பளம் முழுசா எக்கவுண்டுக்குப் போயிட்டுது. இவவும் பாவம், லீவு இன்னும் பதியேல்லைப் போல எண்டு நினைச்சு, வீட்டுச் செலவு, பிள்ளையின்ர செலவு எண்டு அந்தக் காசைச் செலவழிச்சிட்டா. ஒக்டோபரில என்ன நடந்தது? அந்த மாச அரைச்சம்பளம் 30,000. செப்டெம்பரில கூடக் குடுத்த 16 நாளின்ர அரைவாசி, நாளுக்கு ஆயிரப்படி 16,000, ஒரேயடியா வெட்டு. எக்கவுண்டுக்கு வந்தது 14,000. பாங்குத் தவணை 22,000. அஞ்சு மாசக் கைக்குழந்தையோட இருக்கிற ஒருத்திக்கு, சம்பளம் வந்த அண்டைக்கே 8,000 ரூபா பற்றாக்குறை. அதைக் கேட்கப் போன இடத்திலதான் அந்தத் தம்பியின்ர 'விரும்பித்தானே எடுத்தனீங்கள்'.

விருப்பமோ? சரி, விருப்பத்தைப் பற்றியே கதைப்பம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கப்படாதெண்டு சொல்லுறது ஆர்? சுகாதார அமைச்சு. கிளினிக் சுவரில எழுதி ஒட்டியிருக்கு. மிட்வைஃப் அக்கா வீடு தேடி வந்து சொல்லிப்போட்டுப் போறா. அப்ப நாலு மாசத்தில முழுச் சம்பளத்தை நிப்பாட்டினது ஆர்? அதுவும் அதே அரசாங்கம்தான். இடையில இருக்கிற அந்த ரெண்டு மாசத்தைப் பாருங்கோ, செப்டெம்பர் நடுவில இருந்து நவம்பர் நடு மட்டும். பால் மட்டும் குடு எண்டு ஒரு அமைச்சு கட்டளை போடுற அதே ரெண்டு மாசத்தைத்தான் மற்ற அமைச்சு அரைச்சம்பளத்தில போட்டிருக்கு. இதுக்குப் பேர் விருப்பமாம்!

"வேலைக்கு வந்தால் ஆறு மாசம் முடியுமட்டும் ஒரு மணித்தியாலம் முந்திப் போகலாம்தானே" எண்டு சிலர் நியாயம் கதைப்பினம். போகலாம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. யாழ்ப்பாணத்தில இருந்து வன்னிக்கு வேலைக்கு வாற ஆக்களிட்டக் கேளுங்கோ. விடிய அஞ்சரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடோணும். நாலே காலுக்குப் பதிலா மூண்டே காலுக்கு வெளிக்கிட்டாலும் பஸ் கிடைச்சு வீடு போய்ச் சேர ஆறு மணியாகும். பன்னிரண்டு மணித்தியாலம் நாலு மாசப் பிள்ளை என்னத்தைக் குடிக்கிறது? பாலைப் பிழிஞ்சு வைக்கச் சொல்லுவினம். எங்க வச்சுப் பிழியிறது? நான் என்ர மூத்தவனுக்கு எங்கட ஒபிஸ் றெக்கோட் றூமிலதான் பிழிஞ்சனான். பழைய ஃபைல் அடுக்கின இரும்பு அலுமாரிக்குப் பின்னால, தூசிக்குள்ள, ஆரும் வந்திடுவினமோ எண்டு கதவைப் பாத்துக்கொண்டு. பிழிஞ்சதை வைக்க ஒரு ஃபிரிட்ஜ் இல்லை, அதால வோஷ் பேசினில ஊத்திப்போட்டு வருவன். பயந்து பயந்து பிழிஞ்சால் பாலும் வராது, வந்ததும் மெல்ல வத்திப் போகும். அதுக்குப் பிறகு மா பேணிதான். அந்தப் பேணியின்ர விலையை அரைச்சம்பளத்தில வெட்டுப்படுற காசோட ஒருக்கா வச்சுப் பாருங்கோ.

இன்னொண்டு, இதுதான் எனக்கு மிச்சம் சுடுறது. அரைச்சம்பள லீவை எடுக்கக்கூடியவள் ஆர்? புருசனுக்கு நல்ல உழைப்பு இருக்கிறவள், கடன் இல்லாதவள். தனிய நிண்டு குடும்பம் பாக்கிறவள், தாய் தேப்பனையும் சுமக்கிறவள், அவையெல்லாம் நாலு மாசத்தோட பிள்ளையைக் குடுத்திட்டு ஓடி வரவேண்டியதுதான். ஆருக்கு ஆகத் தேவையோ, அவளுக்குத்தான் இந்த லீவு எட்டாது.

தனியாரில வேலை செய்யிற பிள்ளைகள் என்னோட சண்டைக்கு வருவியள் எண்டு தெரியும். உங்களுக்கு 84 நாளோட கதை முடிஞ்சுது, அரைச்சம்பளமெண்ட பேச்சே இல்லை. உண்மைதான், உங்கட பாடு இதைவிட மோசம். அதுக்காக நாங்கள் வாயை மூடவேணுமோ? கடலுக்கு அங்கால தமிழ்நாட்டில 2021இல இருந்து அரச ஊழியருக்குப் பன்னிரண்டு மாசம் முழுச் சம்பளத்தோட குடுக்கினம். நாங்கள் பன்னிரண்டு மாசமோ கேட்டனாங்கள்? எங்கட சுகாதார அமைச்சே சொல்லுற அந்த ஆறு மாசத்துக்குத்தான் கேட்கிறம்.

எங்கட ஒபிசில இன்னும் ரெண்டு பேர் வயித்தில பிள்ளையோட இருக்கினம். அவைக்கு நான் சொல்லி வச்சிருக்கிறது இதுதான்: லீவுக் கடிதம் குடுக்கிறண்டைக்கே, அரைச்சம்பளம் எந்தத் திகதியில தொடங்குது, எந்தத் திகதியில முடியுது எண்டு போட்டு அதின்ர பிரதி ஒண்டைச் சம்பளப் பிரிவுக்கும் குடுத்துக் கையெழுத்து வாங்குங்கோ. அரைச்சம்பளம் தொடங்க முதலே பாங்குக்குப் போய், அந்த மூண்டு மாசத் தவணையைப் பிந்திப்போடேலுமோ எண்டு எழுத்தில கேளுங்கோ. தொடங்கினாப் பிறகு முழுச் சம்பளம் விழுந்தால் தொடாதேங்கோ, அது உங்கட காசில்லை, அடுத்த மாசம் திரும்பி வந்து பிடுங்குவினம். இதில ஒருத்தி வாற திங்கள் பாங்குக்குப் போறா, நானும் கூடப் போறன்.