அந்தப் பையன் சொன்ன 'யெஸ் சார்'

அந்த நேர்காணல் வீடியோவை இன்று காலையும் ஒருவர் சிரிப்புப் பொம்மைகளோடு அனுப்பியிருக்கிறார். 'யூ டோன்ட் ஹேவ் எனி எக்ஸ்பீரியன்ஸ்?' என்கிறார்கள். பையன் 'யெஸ் சார்' என்கிறான். 'எந்தக் கம்பெனியில்?' என்று அடுத்த கேள்வி. அவன் முழிக்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவனுக்குக் கேள்வி நன்றாகவே புரிந்திருக்கிறது. 'அனுபவம் இல்லையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா சார், இல்லை' என்போம். நீங்கள் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்கிற ஆமா அது. ஜப்பானியர்களும் கொரியர்களும் இப்படித்தான். ஆங்கிலத்தின் யெஸ், நோ கேட்டவர் என்ன நினைத்தார் என்பதைக் கண்டுகொள்ளாது. அனுபவம் இருந்தால் 'யெஸ், ஐ டூ'. இல்லாவிட்டால் 'நோ, ஐ டோன்ட்'. கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதேதான். ஆக, பையன் தமிழ்க் கணக்கில் சரியாகச் சொன்னான். அவனுக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் அப்பா ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் இதே 'யெஸ்' சொல்லி மாட்டினார். 'யூ ஆர் நாட் கேரியிங் எனி ஃபுட்?' என்றார் அதிகாரி. அப்பா பவ்யமாக 'யெஸ், யெஸ்' என்றார். இல்லை என்பதை இரண்டு தடவை உறுதி செய்கிறாராம்! பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, மடித்த வேட்டியை எல்லாம் உதறிப் பார்த்தார்கள். உணவு ஒன்றும் இல்லை. பொய் சொன்னவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர்.

'ஆங்கிலம் பேசினால் ஆங்கில விதிப்படி பேச வேண்டாமா?' என்பீர்கள். வேண்டும்தான். அதற்கு வழியும் எளிது. யெஸ்ஸோ நோவோ தனியாக விடாமல் 'ஐ டோன்ட்' என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால் போதும், அர்த்தம் தலைகீழாகாது. இதைப் பள்ளியில் யாராவது நமக்குச் சொன்னார்களா? 'தமிழிலும் வரலையா என்று கேட்டால் "இல்லை, வரலை" என்கிறோமே' என்று ஒருவர் வருவார். சரி, சொல்கிறோம். 'ஆமா, வரலை' என்றும் சொல்கிறோம். அதனால் என்ன?

அப்புறம், அந்த ஆங்கிலமே இதில் தடுமாறிய மொழிதான். ஒரு காலத்தில் சாதாரணக் கேள்விக்கு யே, நே. எதிர்மறைக் கேள்விக்கு யெஸ், நோ என்று நான்கு சொல் வைத்திருந்தார்கள். 'நே' வரவேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று பைபிளை மொழிபெயர்த்த டின்டேலை 1532-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் பிடிபிடி என்று பிடித்தார். பிற்பாடு அந்த வித்தியாசமே போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 'இல்லை, இருக்கிறது' என்று மறுக்க 'சி' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், ஜெர்மானியர்கள் 'டோக்' என்கிறார்கள். அவர்களுக்கு அது மொழியின் நுட்பம், நம் பையனுக்கு மட்டும் மக்குத்தனமா?

எனக்கு வலிப்பது சிரித்தவர்கள் யார் என்பதுதான். எல்லாரும் நம் ஊர்க்காரர்கள், தமிழ் வழியில் படித்து மேலே வந்தவர்கள். நேர்காணலில் கேள்வி கேட்ட அந்த அதிகாரியின் உச்சரிப்பும் மதுரைப் பக்கம்தான். 'ஹேவ் யூ' என்று நேராகக் கேட்டிருந்தால் இந்த வீடியோவே இருந்திருக்காது.

கமெண்ட்டில் இலக்கணம் எடுக்க வருகிறவர்கள், 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்று ஒருவர் கேட்டால் உட்காரச் சொல்ல யெஸ்ஸா நோவா என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்கவும்.