பத்து எண்களுக்கு எதற்கு ஒரு சார்ட்?

மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதில் அடிக்கடி கண்ணில் படுவது இது: எக்செல்லில் எண்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் வந்து நிற்கிற சார்ட்டை அப்படியே வேர்டில் ஒட்டிவிடுவார்கள். பக்கம் நிறைந்தாற்போல் இருக்கும், படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஐந்து கிளைகள். ஒரு புகாரைத் தீர்க்க ஒவ்வொரு கிளைக்கும் சராசரியாக எத்தனை நாள் ஆனது என்று சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் எண்கள் இருக்கின்றன. அ கிளை 12.4-இலிருந்து 11.8, ஆ 9.1-இலிருந்து 8.7, இ 15.3-இலிருந்து 9.6, ஈ 10.2-இலிருந்து 10.5, உ 11.0-இலிருந்து 10.4. மொத்தமே பத்து எண்கள்தான். இதற்கு ஜோடி ஜோடியாக முப்பரிமாணப் பட்டைகள், பக்கத்தில் வண்ணக் குறிப்பு, தலைப்பில் 'புகார்கள் ஒப்பீடு'. அவ்வளவுதான்.

இதில் பெரிய கோளாறு செங்குத்து அச்சில் இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த அச்சை 8-இல் தொடங்கியிருப்பார்கள். ஆ கிளையின் பட்டையைப் பாருங்கள்: சென்ற ஆண்டு 8-க்கு மேலே 1.1 உயரம், இந்த ஆண்டு 0.7. கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. உண்மையில் குறைந்தது நூற்றுக்கு நாலரைகூட இல்லை. பட்டை தன் நீளத்தால்தான் பேசுகிறது. அதன் அடியை வெட்டினால் விகிதம் பொய்யாகிவிடும். ஆகவே பட்டை என்றால் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், இதில் எனக்குச் சமரசம் கிடையாது. கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, நீளத்தை இல்லை.

சரி, பூஜ்யத்தில் தொடங்கினால் போதுமா? அப்போது நான்கு கிளைகளின் ஜோடிப் பட்டைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். 0.3 நாள் கூடியதா குறைந்ததா என்று அதில் யாரும் படிக்க முடியாது. ஆனால் கூட்டத்தில் வரப்போகிற கேள்வி அதுதான்: "ஈ கிளையில் எவ்வளவு கூடியது?" குறிப்பிட்ட எண்ணைத் தேடி எடுத்து மேற்கோள் காட்டப் போகிறார்கள் என்றால் அது அட்டவணைக்கு உரிய வேலை.

அட்டவணையையும் கிளைப் பெயரின் அகர வரிசையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. 'மாற்றம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதிகம் குறைந்த கிளையை மேலே வைத்து அடுக்குங்கள். இ -5.7, அடுத்து அ, உ இரண்டும் -0.6, ஆ -0.4, கடைசியில் ஈ +0.3. கழித்துப் பார்க்கிற வேலையைப் படிப்பவர் தலையில் கட்டாதீர்கள். எண்களை வலப்பக்கம் ஒழுங்குபடுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தசம இடம் கொடுத்தால் புள்ளிக்குக் கீழே புள்ளி வந்து நிற்கும். 'நாட்கள்' என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதாமல் நெடுவரிசைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும்.

இப்போது இ கிளைதான் எல்லார் கண்ணிலும் படும். கிட்டத்தட்ட ஆறு நாள் குறைந்திருக்கிறதே! பாராட்டுக் கடிதம் அடிப்பதற்கு முன் இன்னொரு நெடுவரிசை வேண்டும்: மொத்தம் எத்தனை புகார்கள்? சென்ற ஆண்டு 212, இந்த ஆண்டு 14 என்று வந்தால் கதையே மாறிவிடும். பதினான்கு புகார்களின் சராசரியை ஒரே ஒரு இழுபறிப் புகார் ஏற்றிவிடும், அது இல்லாவிட்டால் இறங்கிவிடும். புகார் ஏன் இவ்வளவு குறைந்தது என்பது வேறு கேள்வி. பதிவு செய்வதையே நிறுத்திவிட்டார்களோ என்னவோ! சராசரியோ சதவீதமோ, எத்தனை பேரை அல்லது எத்தனை நிகழ்வை வைத்துக் கணக்கிட்டது என்று பக்கத்திலேயே இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தலைப்புக்கு வருவோம். 'புகார்கள் ஒப்பீடு' என்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம்? "அட்டவணை 3: புகாரைத் தீர்க்க ஆன சராசரி நாட்கள், கிளைவாரியாக, 2023, 2024" என்று எழுதினால் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கையில் கொடுத்தாலும் புரியும். ஒரு புகார் எப்போது 'தீர்க்கப்பட்டது' ஆகிறது என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே என்பது பரவலான வழக்கம். உங்கள் அலுவலகத்தில் வேறு முறை இருந்தால் அதையே பின்பற்றுங்கள், அறிக்கை முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் சார்ட்டே வேண்டாமா? வேண்டும். இதே கிளைகளுக்கு மாதவாரியாக இரண்டு ஆண்டு எண்கள் இருந்தால் 120 எண்கள். அவற்றை அட்டவணையாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், கோடாகப் போட்டால் எந்த மாதத்தில் சரிவு தொடங்கியது என்பது பார்த்தவுடன் தெரியும். முழு எண்களை விரும்புகிறவருக்கு அவை பின்னிணைப்பில் இருக்கட்டும். ஐந்து நிறத்துக்கு ஒரு வண்ணக் குறிப்புப் பெட்டி போடாமல், ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் கிளையின் பெயரையே எழுதிவிடுங்கள். அறிக்கையைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத்தான் பாதிப் பேர் படிப்பார்கள், அங்கே சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான்.