சுவரைத் தின்ற பொத்தான்

“இந்தச் சுவர் ஏன் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது?”

கேட்டவர் யார் தெரியுமா? போன வாரம், “கணினியில் செய்த அறையின் ஒரே ஒரு ஸ்டில் படத்துக்கு எதற்கு இத்தனை மணி நேரம்? ஒவ்வொரு பிக்சலுக்கும் எடுக்கும் சாம்பிளைக் குறைத்துவிட்டு, இரைச்சலைத் துடைக்கும் டீநாய்ஸ் பொத்தானை அழுத்துங்கள்” என்று 1024 சாம்பிளை 256 ஆக்கச் சொன்ன அதே மேலாளர். சாம்பிள் நாலில் ஒன்றானால் நேரமும் ஏறக்குறைய நாலில் ஒன்றாகும், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் இரண்டு மடங்காகும். கணக்கின் முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழும்.

பொத்தானையாவது என்னை அழுத்த விட்டாரா? ரெண்டர் முடிந்து PNG ஆகச் சேமித்த படத்தின் மேல், புகைப்படத்துக்கான ஏதோ ஒரு மென்பொருளில், அவரே அழுத்திவிட்டார். மரத்தரையின் ரேகை போயிற்று. சுண்ணாம்புப் பூச்சின் கரணை தடம் போயிற்று. சோபாத் துணி மெழுகுப் பொம்மைக்குத் தைத்தது போலாயிற்று. அந்த மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் மாறி மாறி ஏறி இறங்குகின்றன. அது மர ரேகையா இரைச்சலா என்று அதற்கு யார் சொன்னது? இரண்டையும் சமமாக வழித்து எடுத்துவிட்டது.

சரி, ஒழுங்காகச் செய்வோம் என்று பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில் பாஸ்களைப் பிரித்தேன். பொருளின் நிறம் தனியாக, அதன் மேல் விழும் ஒளி தனியாக. மர ரேகை நிறப் பாஸில் இருக்கிறது. அது 256 சாம்பிளிலேயே துடைத்து வைத்தது போல வரும். இரைச்சல் எல்லாம் ஒளிப் பாஸ்களில். ஆகவே ஒளியை மட்டும் டீநாய்ஸ் செய்து, தொடாத நிறத்தால் பெருக்க வேண்டும்.

```
(Diffuse Direct + Diffuse Indirect) × Diffuse Color
```

பளபளப்புக்கான Glossy, ஊடுருவி வரும் ஒளிக்கான Transmission இரண்டுக்கும் இதே கணக்கு. எல்லாவற்றையும் கூட்டி, Emission, Environment இரண்டையும் சேர்த்தால் முழுப்படம். டீநாய்ஸ் எதையும் போடுவதற்கு முன்பே இப்படிக் கூட்டிப் பார்த்து, சைக்கிள்ஸே தரும் முழுப்படமான Combined-இலிருந்து கழிக்க வேண்டும். விடை கறுப்பாக வர வேண்டும். எனக்கு வந்ததோ ஜன்னலோரம் பேய் முகம் போல ஒரு சாம்பல் திட்டு. ஒரு மணி நேரம், பாஸ்களைப் பெருக்கிக் கூட்டும் கணுக்களின் இணைப்பைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். கடைசியில் பார்த்தால், இடம் மிச்சப்படுத்த என்று யாரோ ஒரு புண்ணியவான் பாஸ்களை 8 பிட் PNG ஆகச் சேமிக்கும்படி மாற்றி வைத்திருக்கிறார். வெயில் விழுந்த இடத்தில் ஒளியின் மதிப்பு 1-ஐத் தாண்டி எங்கோ போகும். PNG அதை 1-இல் தலை வெட்டிவிடும். போதாததற்குத் திரைக்கான வண்ண மாற்றத்தையும் மேலே பூசிவிடும். பூசிய எண்களைப் பெருக்கினால் என்ன வரும்? பேய்தான் வரும். மதிப்பை வெட்டாத பல அடுக்கு EXR கோப்புக்கு மாற்றி மறுபடி ரெண்டர் செய்தேன். கழித்தால் கறுப்பு. நிம்மதி. பத்து நிமிடத்துக்கு.

டீநாய்ஸ் செய்த ஒளியை நிறத்தால் பெருக்கியதும் மரத்தரை உயிரோடு திரும்பியது. ஒவ்வொரு ரேகையும் இருந்தது. சுவர்? அதே பிளாஸ்டிக்.

இங்கேதான் என் மீதே எனக்குக் கோபம். அது வெள்ளைச் சுவர்! அதன் நிறப் பாஸைத் திறந்தால் வெறும் வெள்ளைத் தாள். கரணை தடம் முழுவதும், மேடுபள்ளம் இருப்பது போலக் காட்டும் பம்ப் மேப்பில் இருக்கிறது. அதாவது சாய்ந்த வெயிலில் மேடு வெளுத்துப் பள்ளம் கறுக்கிறதே, அந்த வேறுபாட்டில் இருக்கிறது. அது நிறம் இல்லை, ஒளி. டீநாய்ஸ் செய்கிறேன் என்று நான் வழித்துக் கொட்டியதும் ஒளியைத்தான். மேற்பரப்பின் சாய்வைச் சொல்லும் Denoising Normal பாஸை வழிகாட்டியாகக் கொடுத்திருந்தேனே என்பீர்கள். கொடுத்தேன். மேடுபள்ளத்தின் வேறுபாடு இரைச்சலை விடச் சிறியதாக இருந்தால், வழிகாட்டி கையைப் பிடித்து அழைத்துப் போனாலும் அங்கே பார்க்க எதுவும் இருப்பதில்லை.

இரண்டு ஒளிப் பாஸ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. Indirect பாஸ் மணலை வாரி இறைத்தது போல இருந்தது; ஆனால் அதில் இழப்பதற்கு நுணுக்கம் அதிகமில்லை, அறையெங்கும் எதிரொளித்து வந்த மெத்தென்ற வெளிச்சம். Direct பாஸில் வெயில் விழுந்த பகுதி ஏற்கெனவே தெளிவு. தடம் அத்தனையும் அதில் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் ஒரே கரண்டியால் கிளறியிருக்கிறேன். Indirect-ஐ முழுதாக டீநாய்ஸ் செய்தேன். Direct பாஸில், பொருள்வாரியாகப் பிரித்துத் தரும் Cryptomatte முகமூடியால் சுவரை மட்டும் பிரித்து, வெயில் பட்ட இடத்தில் டீநாய்ஸ் செய்யாத ரெண்டரையே விட்டுவிட்டேன். தடம் வந்துவிட்டது.

நிழல் பக்கம் வரவில்லை. அங்கே நேரடி ஒளி என்பது ஜன்னல் வழியே வரும் வானம், அதுவும் இரைச்சல்தான். டீநாய்ஸ் செய்யாத ரெண்டரை 40 சதவீதம் கலந்து பார்த்தேன். தடத்தோடு புள்ளியும் வந்தது. இல்லாத தகவலைக் கலவையால் வரவழைக்க முடியாது, ஐயா. அந்தச் சுவர்ப் பகுதியை மட்டும் கட்டம் போட்டு 1024 சாம்பிளில் தனியாக ரெண்டர் செய்து ஒட்டினேன். முதலிலேயே விட்டு வைத்திருக்க வேண்டிய அதே 1024.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெரியும் தரையைப் பற்றிக் கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ரேகை, அந்தப் பக்கம் களிமண். ஏனென்றால் Transmission Color பாஸில் இருப்பது கண்ணாடியின் நிறம் மட்டும். அப்பாலுள்ள மரத்தின் ரேகை Transmission Indirect-க்குள் ஒளியோடு ஒளியாகக் கரைந்து கிடக்கிறது. Denoising Albedo பாஸ் தெளிவான கண்ணாடியை ஊடுருவி அப்பாலுள்ள பொருளின் நிறத்தைப் பதிவு செய்யும். அதை அந்த டீநாய்ஸ் கணுவில் இணைத்ததும் ரேகை திரும்பியது. இணைக்க மறந்தது நான்தான். அந்த நேரத்துக்கு என் பெயரே எனக்கு மறந்திருந்தது.

நள்ளிரவில் படத்தை அனுப்பினேன். காலையில் மேலாளரிடமிருந்து பதில்: “மிக நன்று. சுவரில் மட்டும் ஏதோ சொரசொரப்பாகத் தெரிகிறது. இரைச்சல் மிச்சமிருக்கிறதோ? ஒருமுறை டீநாய்ஸ் செய்துவிடுங்கள்.”

சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். சிரித்த அதிர்வில் நாற்காலி வழக்கம்போல மெல்லக் கீழே இறங்கியது. மூன்று மாதமாகச் சொல்கிறேன், இந்த நாற்காலியை மாற்றித் தாருங்கள் என்று. தாடை மேசையில் இடிக்கும் உயரத்தில் உட்கார்ந்துதான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.