வருடம் வெட்டப்பட்ட ஒரு படத்தால் எங்கள் வீட்டில் நடந்தது

2025 செப்டம்பர், இரண்டாவது வாரம். இரவு பத்தரை மணிக்கு, மகனுடைய வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வின் அட்டவணை. முதல் தாள் ஆங்கிலம், 26 செப்டம்பர், வியாழக்கிழமை. படத்தின் கீழே, "தேதி மாத்திட்டாங்களாம், எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஒரு வரி.

எங்கள் வீட்டில் 25ஆம் தேதிக்கு எல்லாம் தயாராக இருந்தது. முதல் நாள் காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று என் கணவர் விடுப்பு எடுத்திருந்தார். அவர் ஷிப்ட் வேலையில் இருப்பவர். ஒரு நாள் விடுப்புக்கு இன்னொருவர் தன் ஓய்வு நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்ததும் அன்றிரவே இரண்டு பேரிடம் கெஞ்சி விடுப்பை 26க்கு மாற்றினார். மறுநாள் முழுக்கக் குழுவில் இதே பேச்சு. "நாங்க டிக்கெட் போட்டுட்டோமே" என்று ஒருவர். "எதுக்கு இப்படிக் கடைசி நேரத்துல மாத்துறாங்க" என்று பத்துப் பேர். என் மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, நாட்களை எண்ணிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தவன்.

யாரும் எதையும் மாற்றவில்லை. அது 2024ஆம் ஆண்டின் அட்டவணை. மேலே இருந்த வருடத்தை யாரோ வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். 2025இல் செப்டம்பர் 26 வெள்ளிக்கிழமை. படத்தில் வியாழன் என்று இருந்தது. கையில் இருந்த தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு அண்மை ஆண்டுகளில் கிழமைக் கணக்கில்தான் போகிறது: வியாழன் ஆங்கிலம், வெள்ளி கணிதம், வார இறுதி விட்டுத் திங்கள் தாய்மொழி, செவ்வாய் அறிவியல், புதன் உயர்தாய்மொழி. 2024இல் அது செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 2 வரை. 2025இல் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 1 வரை. கிழமை அப்படியே இருக்கும், தேதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே போகும். பழைய படத்தையும் புதிய அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் தள்ளிப்போன மாதிரியே தெரியும். அதனால்தான் இந்த மாதிரிப் படங்கள் இவ்வளவு எளிதில் நம்பப்படுகின்றன.

அப்புறம் அந்த டியூஷன் நிலையம். ஜனவரியிலேயே பளபளப்பான நாட்காட்டி ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தோம். வாய்மொழித் தேர்வுக்கு "ஆகஸ்ட் 12" என்று ஒரே ஒரு தேதி. ஆனால் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் வெளியிட்டது ஆகஸ்ட் 12, 13 என்று இரண்டு நாள். எந்தப் பிள்ளை எந்த நாளில், எத்தனை மணிக்கு என்பதைப் பள்ளிதான் பிரித்துச் சொல்லும். என் மகனுக்கு 13ஆம் தேதி வந்தது. உடனே வீட்டில், "பார், தேதியை மாத்திட்டாங்க." இல்லவே இல்லை! இரண்டு நாளில் ஒன்றை ஒருவர் தன் வசதிக்கு வெட்டி எறிந்துவிட்டார், அவ்வளவுதான்.

அட்டவணை ஒரே தாளாக ஒரே நாளில் வருவதில்லை என்பதை ஏன் யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை? முதலில் அந்தக் கழகத்தின் seab.gov.sg பக்கத்தில் ஆண்டு நாட்காட்டி வரும். அதில் சில தேர்வுகளுக்கு நாள் இருக்கும், சிலவற்றுக்குக் காலம் மட்டும் இருக்கும். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலையின் வாய்மொழித் தேர்வும் அறிவியல் செய்முறைத் தேர்வும் இப்படித்தான், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று வரும். அடுத்து தாள் வாரியாக நேரம் போட்ட அட்டவணை. கடைசியாக, பிள்ளையின் பெயர் போட்டு, அவனுக்கு உரிய நாளும் இடமும். முதலில் வந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைசியாக வந்ததைப் பார்த்து "மாறிவிட்டது" என்று கத்துகிறோம்.

உண்மையாகவே தேதி மாறியதை நான் பார்த்திருக்கிறேன். 2020இல் என் மூத்த மகள் உயர்நிலை நான்கு. ஓ நிலைத் தமிழ்த் தாள் ஆண்டு நடுவில், ஜூன் தொடக்கத்தில் நடக்க வேண்டியது. கொரோனாவால் ஏப்ரல் 8 முதல் பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்து படித்தார்கள். நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் மே 4இல் முடியும் என்றிருந்தது, ஏப்ரல் 21 அன்று ஜூன் 1 வரை நீட்டித்தார்கள். ஜூன் விடுமுறையை மே 5க்கே கொண்டுவந்தார்கள். பள்ளி திறந்தது ஜூன் 2. இரண்டு மாதமாக ஆசிரியர் முகத்தையே நேரில் பார்க்காத பிள்ளைகளை நேராகத் தேர்வு மண்டபத்தில் உட்காரவைக்க முடியாது. தாளை ஜூன் 18க்குத் தள்ளினார்கள்.

அந்த மாற்றம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கல்வி அமைச்சு அறிவித்தது. காரணம் சொன்னது. புதிய தேதியும் கூடவே வந்தது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே தேதி. ஒரு பள்ளிக்கு மட்டும், ஒரு வகுப்புக்கு மட்டும் தேதி மாற வழியே கிடையாது, ஏனென்றால் ஒரே கேள்வித்தாள் தீவு முழுக்க ஒரே நேரத்தில் பிரிக்கப்படுகிறது. ஒரு இடத்தில் தள்ளிவைத்தால் கேள்வி வெளியே போய்விடும். தேர்வாளர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் போகிற ஆசிரியர்கள் மற்ற வகுப்புகளை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு தேதியை அசைத்தால் பள்ளி நாட்காட்டி, திருத்தும் நாட்கள், முடிவு நாள் எல்லாம் சேர்ந்து அசையும். அதனால்தான் முடிந்தவரை தேதியைத் தொடாமல் வேறு வழி பார்க்கிறார்கள். 2015இல் புகைமூட்டத்துக்காகச் செப்டம்பர் 25 அன்று தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார்கள். அந்தப் பருவத்திலும் பிஎஸ்எல்இ திட்டமிட்டபடி நடந்தது. 2020இலும் பாடத்தில் கடைசிப் பகுதிகளைத் தேர்விலிருந்து நீக்கிச் சுமையைக் குறைத்தார்கள். தேர்வு நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் தனியாக இன்னொரு நாள் கிடைக்காது. மருத்துவச் சான்றிதழோடு சிறப்புப் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கத்தான் முடியும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் குழுவில் கேட்பதில்லை. முடிவு வெளியாகும் நாள். தேர்வு நாட்கள் பல மாதம் முன்பே தெரிந்துவிடுகின்றன, முடிவு மட்டும் "நவம்பர் பிற்பகுதி". சரியான தேதி ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன்னால்தான் வருகிறது. 2023இல் 22, 2024இல் 20, 2025இல் 25. திருத்துவதும் சரிபார்ப்பதும் முடியாமல் சொல்ல முடியாது என்பது புரிகிறது. ஆனால் ஊரில் கல்யாணம், விடுமுறை டிக்கெட் விலை, வேலையிடத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விடுப்பு என்று இருக்கிற குடும்பங்களுக்கு இந்த ஒரு வாரம் போதாது. இரண்டு மூன்று நாள் இடைவெளியாகவாவது முன்பே சொல்லலாமே. கோபப்பட வேண்டியது இதற்கு.

என் கணவர் விடுப்பை மறுபடியும் 25க்கு மாற்றிக்கொண்டார். முதலில் உதவிய நண்பர் இந்த முறை முடியாது என்றார், வேறொருவரைப் பிடிக்க நான்கு நாள் ஆனது. படத்தை அனுப்பியவரிடம் அது போன வருடத்தது என்று சொன்னேன். "எனக்கும் யாரோ அனுப்பினாங்க அக்கா" என்றார்.

சின்னவளும் அதே டியூஷனுக்குத்தான் போகிறாள். புது நாட்காட்டி கொடுத்திருக்கிறார்கள். இதிலும் வாய்மொழித் தேர்வுக்கு ஒரே ஒரு தேதி.