நகக்கண் அளவு பிளாஸ்டிக்குக்கு மூன்று மணி நேரம்

பிரிண்டரில் கார்ட்ரிட்ஜைப் பூட்டி வைக்கும் லாக்கை நகக்கண் அளவு கீலில் தொங்கவிட்டவர் யாரோ, அவரை ஒரு மே மாதம் பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடி அறையில் உட்கார வைக்க வேண்டும். நானே வியர்த்து வழிகிறேன், இங்க் என்ன செய்யும்? இரண்டு மாதம் தொடாமல் கிடந்த கருப்பு கார்ட்ரிட்ஜ் காய்ந்துவிட்டது. மகளுக்கு மறுநாள் காலையில் விண்ணப்பம் அச்சடிக்க வேண்டும். புது கார்ட்ரிட்ஜை வாங்கி வந்து லாக்கைத் தூக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். இடது மூலைக் கீலில் விரிசல். வலது பாதி எழும்புகிறது, இடது பாதி முறுக்கிக்கொண்டு அங்கேயே நிற்கிறது, அதன் கொக்கி மட்டும் கார்ட்ரிட்ஜின் விளிம்பை விடமாட்டேன் என்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். "பிடிச்சு ஒரு இழு இழுங்க தம்பி, வந்துரும்லா." இழுத்தால் வரும்தான். கூடவே பிரிண்டரின் உயிரும் வரும். இந்த வகைப் பிரிண்டரில் அச்சடிக்கும் தலையே கார்ட்ரிட்ஜில்தான் இருக்கிறது. அதன் முதுகில் செம்புப் புள்ளிகள், அதற்கு நேராக, கார்ட்ரிட்ஜைச் சுமந்து இடமும் வலமும் ஓடும் கேரியேஜின் பின்சுவரில் மெல்லிய ஸ்பிரிங் முனைகள். நேராக மேலே பிடுங்கினால் அந்த முனைகள் வளையும். ஒன்று வளைந்தாலும் போச்சு, புது கார்ட்ரிட்ஜைப் போட்டாலும் பிரிண்டர் அடையாளம் காணாது.

அதற்கும் முன்னால் கேரியேஜ் கைக்கு எட்ட வேண்டுமே! அணைத்தால் வலது ஓரத்தில் ரப்பர் மூடியின் மேல் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதை அங்கிருந்து தள்ளி உடைத்தவர்களை எனக்குத் தெரியும். பிரிண்டர் ஆனில் இருக்கும்போதே அதன் மேல்மூடியைத் திறந்தால் நடுவுக்கு வரும், வந்து நின்றதும் சுவர் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். கையை உள்ளே விட்டிருக்கும்போது மோட்டார் கிளம்பினால் விரலுக்குத்தான் கேடு.

பிடித்துக்கொண்டிருப்பது கொக்கியா, காய்ந்த இங்க்கா? இதைப் பார்க்காமல் இழுப்பதுதான் பாதிப் பேர் செய்யும் தப்பு. முன்பக்கத்தை மெல்ல அசைத்தேன். கொஞ்சம் அசைந்து, துள்ளித் தன் இடத்துக்கே திரும்பியது. அப்படியானால் கொக்கி. கல் மாதிரி அசையாமல் நின்றிருந்தால் இங்க் பசையாகி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு, ஓரங்களில் மட்டும் வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மின் புள்ளிகள் பக்கம் ஈரம் போகக் கூடாது. தின்னர் கின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

பழைய ஏடிஎம் கார்டில் ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று வெட்டினேன். கேரியேஜுக்குப் பின்னால் ஓடும் கண்ணாடி மாதிரிப் பட்டையில் மை படாமல் இருக்க ஒரு காகிதத்தைச் செருகினேன். அதிலுள்ள நுண்ணிய கோடுகளைப் பார்த்துத்தான் கேரியேஜ் தான் எங்கே நிற்கிறது என்றே தெரிந்துகொள்கிறது. மனைவி டார்ச் அடித்தாள். இடது கையால் கார்ட்ரிட்ஜைப் பின்சுவர்ப் பக்கமாக மெல்ல அழுத்தினேன், கொக்கியின் மேலிருந்த இழுவை குறைந்தது. வலது கையால் கீற்றைக் கொக்கிக்கும் விளிம்புக்கும் நடுவே நுழைத்தேன். மூன்று தடவை வழுக்கியது. நான்காவது தடவை கொக்கி எழும்பியது. அழுத்தத்தை விட்டு, முன்பக்கத்தைக் கீழே சாய்த்து என் பக்கமாக இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது, சனியன்!

முடிந்ததா? புது கார்ட்ரிட்ஜை வைத்தால் விரிசல் விட்ட லாக் அதைப் பின்னுக்கு அழுத்தவில்லை, 'கார்ட்ரிட்ஜ் இல்லை' என்கிறது பிரிண்டர். உடனே ஒட்டும் பசை விடலாம் என்று கை துடித்தது. அது கீலுக்குள் ஓடினால் லாக் மொத்தமாக இறுகிவிடும், அப்புறம் அடுத்த கார்ட்ரிட்ஜை எப்படிக் கழற்றுவது? மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டாக மடித்து லாக்குக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே ஆப்பாக வைத்தேன். மேலே துருத்தினால் ஓடும்போது இடிக்கும் என்பதால், பிளக்கைச் செருகும் முன் கேரியேஜைக் கையால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்திப் பார்த்தேன். இடிக்கவில்லை.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு லாக் கிடைக்குமா என்று கேட்டேன். "லாக் மட்டும் தனியா வராது சார், கேரியேஜ் முழுசா மாத்தணும். அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிரலாம்." நகக்கண் அளவு பிளாஸ்டிக் சார் அது! அதற்கு ஒரு முழு இயந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள்!

இரவு பதினொன்றுக்கு விண்ணப்பம் வெளியே வந்தது. ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப வாங்க வந்த அண்ணாச்சி, மேசையில் கிடந்த பழைய கார்ட்ரிட்ஜைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேம்லா தம்பி, இழுத்தா வந்துரும்னு."