திருப்பிப் பார்த்துட்டுத் தேய்ங்கப்பா!

சிடியில் கீறலா? "டூத்பேஸ்ட் போட்டுத் தேய்!" யாரைக் கேட்டாலும் இதே பல்லவி. கீறல் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்துவிட்டு, கடைசியில் ப்ளேயர் மேல் பழி.

கடைக்காரர்களிலும் சிலர் டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாலிஷ் மெஷினில் மாட்டிவிடுகிறார்கள். பளபளவென்று வெளியே வரும். ஓடத்தான் ஓடாது.

அய்யா, சிடியில் பாட்டு இருப்பது மின்னுகிற அடிப்பக்கத்தில் இல்லை! 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கைத் தாண்டி, லேபிளை ஒட்டினாற்போல் இருக்கிறது. பாட்டு பதிந்த அந்த அலுமினியப் படலத்துக்கு மேலே ஒரு மெல்லிய பூச்சுதான் காவல். லேபிள் பக்கம் கீறினால் படலமே பெயர்ந்துவிடும். பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்து மாதிரி ஒன்றிரண்டு புள்ளி தெரிந்தால் ப்ளேயர் சமாளிக்கலாம். கோடாகவோ திட்டாகவோ வெளிச்சம் வந்தால் தீர்ந்தது கதை. பெயர்ந்துபோன படலத்தை எந்த மெஷின் தேய்த்துக் கொண்டுவரும்?

கீறல் அடிப்பக்கம் என்றால் நம்பிக்கை உண்டு. நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டுங்கள். தட்டாவிட்டால் வீட்டிலேயே முடியும். முதலில் தண்ணீரில் கழுவித் தூசியைப் போக்குங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூசியே புதுக் கீறல் போடும். பிறகு பிளாஸ்டிக் பாலிஷ் பட்டாணி அளவு, மென்மையான துணியில். டூத்பேஸ்ட்டும் மெல்லிய கீறலுக்கு ஓரளவு கேட்கும், ஆனால் ஜெல் வகை வேண்டாம். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக மட்டும் தேய்க்க வேண்டும்.

ஏன் நேர்கோடு? பாட்டு பதிந்த தடம் சிடியில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதைக் குறுக்கே வெட்டும் அரை மி.மீ. கீறலில் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் துளிதான் போகும். சிடியின் பிழைதிருத்தம் தொடர்ச்சியாக ஏறக்குறைய 2.5 மி.மீ. தடம் வரை மீட்டுவிடும். தடத்தோடு கூடவே ஓடுகிற 1 செ.மீ. கீறல் என்றால் அத்தனையும் ஒரே மூச்சில் காலி. வட்டமாகத் தேய்க்கிறவர்கள் அந்தக் கீறலைத் தங்கள் கையாலேயே போடுகிறார்கள்!

நகம் தட்டினால் கடைக்குப் போங்கள். அங்கே நீர்விட்டு உப்புத்தாளால் இழைத்து, அப்புறம் பாலிஷ் போட வேண்டும். மேலே மங்கலாகப் பனிப்படலம் மாதிரி நின்றால் இரண்டாம் கட்டத்தில் கை சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். விடாதீர்கள், திரும்பப் போடச் சொல்லுங்கள்.

இழைத்தும் அதே இடத்தில் சிக்கினால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று திணறுவதை இன்னொன்று படிக்கும். படித்தால் உடனே நகல் எடுத்துவிடுங்கள். அதிலும் சிக்கினால் விட்டுத்தொலையுங்கள். ஒவ்வொரு இழைப்பிலும் பிளாஸ்டிக் மெலிகிறது.

டிவிடியில் தகவல் இரண்டு 0.6 மி.மீ. தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் லேபிள் பக்கக் கீறலுக்கு அவ்வளவு பயமில்லை. ப்ளூரேயை மட்டும் தயவுசெய்து எவர் கையிலும் தேய்க்கக் கொடுக்காதீர்கள். அதன் தகவலுக்கு மேலே இருப்பது வெறும் 0.1 மி.மீ. பூச்சு. அதையும் இழைத்துத் தருகிறேன் என்கிறார்களே, எதை இழைப்பார்களாம்?